ஜேட் லிசர்ட்: மேல்பக்க இழப்பை அடைப்பது யாருடைய பணம்?

(பங்குச்சந்தை முதலீட்டாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 ஜனவரித் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேம்ஸ்டாப் நிறுவனப் பங்கு 20 டாலருக்கும் குறைவாக விலைபோய்க்கொண்டிருந்தது. அதே மாதம் 27-ஆம் தேதி அது 347 டாலருக்கு மேல் முடிந்தது. இன்று பழைய விலைப்படத்தை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் நான்கில் ஒரு பங்காகத் தெரியும். 2022-இல் ஒரு பங்கை நான்காகப் பிரித்ததுதான் காரணம். அந்த மூன்று வாரங்களில் கால் ஆப்ஷனைத் துணையின்றி விற்று வைத்திருந்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு லாட்டுக்குச் சில நூறு டாலர் பிரீமியம் வாங்கியிருப்பார். திருப்பிக் கொடுக்க வேண்டியதோ முப்பதாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. பங்கின் விலை கீழே இறங்கினால் பூஜ்யத்தில் நின்றாக வேண்டும். மேலே ஏறுவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஆப்ஷன் விற்பவர்கள் மேல்பக்கத்தைக் கண்டு அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

அந்த அச்சத்துக்கு மருந்தாகச் சொல்லப்படும் ஒரு முறையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதன் பெயர் ஜேட் லிசர்ட். சிகாகோவிலிருந்து இயங்கும் டேஸ்டிட்ரேட் நிகழ்ச்சிகள் வழியாகப் பரவிய பெயர் அது. இந்த முறையைச் சொல்லிக் கொடுப்பவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "வாங்கிய பிரீமியம் கால் ஸ்ப்ரெட்டின் அகலத்தைவிட அதிகமாக இருந்தால், மேல்பக்கம் ரிஸ்க் இல்லை." கணக்குப்படி அந்த வரி சரி. ஆனால் இழப்பு இல்லாமல் போவது எதனால், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் இதைச் செய்பவர்கள் தவறான நேரத்தில், தவறான பங்கில், தவறான அளவில் செய்கிறார்கள். ஆகவே ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு அதை முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்போம்.

நான் கற்பனையாக எடுத்துக்கொள்ளும் பங்கு அமெரிக்கச் சந்தையில் 50 டாலருக்கு விற்கிறது. அங்கே ஒரு லாட் என்றால் 100 பங்கு. எக்ஸ்பைரிக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. பங்கு எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் எதிர்பார்ப்பதைக் காட்டும் எண்ணை இம்ப்ளைடு வாலட்டிலிட்டி, சுருக்கமாக ஐ.வி. என்கிறோம். இந்தப் பங்குக்கு அது ஆண்டுக்கு 40 சதவீதம் அளவில் இருக்கிறது. இந்த நிலையில் கிடைக்கக்கூடிய விலைகளைத்தான் சொல்கிறேன்.

48 ஸ்ட்ரைக் புட்டை 1.75-க்கு விற்கிறோம். 54 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 1.25-க்கு விற்கிறோம். 56 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 0.80 கொடுத்து வாங்குகிறோம். மூன்றுக்கும் ஒரே எக்ஸ்பைரி. மூன்றையும் ஒரே ஆர்டராகப் போடுகிறோம். புட்டில் 1.75 வந்தது. கால் ஸ்ப்ரெட்டில் 1.25 வந்து 0.80 போனதால் நிகரம் 0.45. ஆக மொத்த வரவு 2.20. ஒரு லாட்டுக்கு 220 டாலர். கால் ஸ்ப்ரெட்டின் அகலம், அதாவது 54-க்கும் 56-க்கும் உள்ள இடைவெளி, 2 டாலர். வரவு 2.20, அகலம் 2.00. வரவு பெரிது. ஜேட் லிசர்ட்டுக்குரிய நிபந்தனை நிறைவேறிவிட்டது.

எக்ஸ்பைரி அன்று என்ன ஆகும் என்று பார்ப்போம். பங்கு 52-இல் முடிந்தால் மூன்றும் மதிப்பின்றிப் போகும். 220 டாலரும் நமக்கே. 48-க்கும் 54-க்கும் இடையில் எங்கே முடிந்தாலும் இதே கதைதான். 55-இல் முடிந்தால் நாம் விற்ற 54 கால் ஆப்ஷனுக்கு ஒரு டாலர் கொடுக்க வேண்டும். 220-இல் 100 போக 120 மிஞ்சும். 56-இல் முடிந்தால் இரண்டு டாலர் கொடுக்க வேண்டும். மிஞ்சுவது 20. சரி, 70-இல் முடிந்தால்? 54 கால் ஆப்ஷனில் நாம் 16 டாலர் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் 56 கால் ஆப்ஷனில் நமக்கு 14 வரும். வித்தியாசம் அதே இரண்டு டாலர். அப்போதும் 20 டாலர் மிஞ்சுகிறது. பங்கு கேம்ஸ்டாப் போல முந்நூறைத் தாண்டினாலும் அதே 20 டாலர்.

இதே பங்கில் 56 கால் ஆப்ஷனை வாங்காமல், 48 புட்டையும் 54 கால் ஆப்ஷனையும் மட்டும் விற்றிருந்தால் அது சாதாரண ஷார்ட் ஸ்ட்ராங்கிள். வரவு 3 டாலர். பங்கு 70-க்குப் போனால் 16 கொடுக்க வேண்டும். 3 போக 13 நட்டம், அதாவது 1,300 டாலர். அந்த 1,300 டாலர் நட்டத்தை 20 டாலர் லாபமாக மாற்றியது 80 டாலர் கொடுத்து வாங்கிய 56 கால் ஆப்ஷன்தான். அந்த 80 டாலரைப் பங்கு எங்கே போனாலும் இழக்கிறோம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பங்கு நடுவில் நின்றால் 300 கிடைக்க வேண்டிய இடத்தில் 220 கிடைக்கிறது. பங்கு விழுந்தால் 45 டாலர் வரை தாங்கியிருக்க வேண்டியது, 45.80-லேயே நட்டத்தைத் தொட்டுவிடுகிறது.

இதுவரை சொன்னது எல்லாப் பாடங்களிலும் இருக்கும். இனிச் சொல்வதுதான் இந்த உரையின் மையம்.

இந்த அமைப்பை ஒரே பொருளாகப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று 48 புட்டை விற்றது. மற்றொன்று 54-56 கால் ஸ்ப்ரெட்டை விற்றது. கால் ஸ்ப்ரெட்டைத் தனியாக எடுத்தால், அதில் வந்தது 45 டாலர். பங்கு 56-ஐத் தாண்டினால் போவது 200 டாலர். அப்படியென்றால் அந்த ஸ்ப்ரெட்டில் அதிகபட்ச லாபம் 45, அதிகபட்ச நட்டம் 155. பங்கு ஏறும்போது அந்த 155 டாலர் நட்டம் நிஜமாகவே நடக்கிறது. எங்கும் மறைந்துவிடுவதில்லை. அதே சமயம் புட் மதிப்பின்றிப் போவதால் அதில் வாங்கிய 175 டாலர் முழுவதும் நமக்கு நிற்கிறது. 175-இல் 155 போக 20. மேலே நாம் பார்த்த அந்த 20 டாலர் இதுதான்.

ஆக, மேல்பக்க இழப்பை அடைப்பது புட்டில் வாங்கிய பணம். கீழே விழும் ஆபத்தை நம் தலையில் ஏற்றுக்கொண்டதற்காக யாரோ ஒருவர் கொடுத்த கூலி அது. அந்தக் கூலியின் பெரும்பகுதியை எடுத்து மேல்பக்க நட்டத்துக்குக் கட்டுகிறோம். மேலே ரிஸ்க் இல்லை என்ற வாக்கியத்தை, "மேலே வரும் நட்டத்தைக் கட்டும் அளவுக்குக் கீழே ரிஸ்க் எடுத்திருக்கிறேன்" என்று மாற்றிப் படித்தால் முழு உண்மையும் வந்துவிடும்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு கேள்வி பிறக்கிறது. வெறும் 48 புட்டை மட்டும் விற்றிருந்தால் என்ன? பங்கு 56-ஐத் தாண்டினால் 175 டாலரும் நமக்கே. ஜேட் லிசர்ட்டில் 20 மட்டும்தான். பங்கு நடுவில் நின்றால் ஜேட் லிசர்ட் 45 டாலர் கூடுதலாகத் தருகிறது. பங்கு விழுந்தாலும் அதே 45 டாலர் சற்றே தாங்குகிறது. ஆகவே பங்கு நன்றாக ஏறும் என்று நம்புபவருக்கு இது ஏற்ற முறையே அல்ல. அவர் புட்டை மட்டும் விற்கட்டும், அல்லது பங்கையே வாங்கட்டும். "பங்கு விழாது, ஆனால் இந்த நாற்பது நாளில் பெரிதாக ஏறவும் செய்யாது" என்று நினைப்பவருக்குத்தான் ஜேட் லிசர்ட். மேலே ரிஸ்க் இல்லை என்பதைக் கேட்டு, ஏறும் என்று நம்புகிறவர்கள் இதற்குள் வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதிர்பார்த்தபடியே பங்கு ஏறும். அவர்களுக்கு மிஞ்சுவது 20 டாலர்.

அடுத்து, வரவு அகலத்தைவிடப் பெரிதாக இருப்பது எப்போது முடியும்? இதே பங்கின் ஐ.வி. 40-க்குப் பதிலாக 20 சதவீதம் என்று வையுங்கள். அதே 48 புட் அரை டாலருக்கும் சற்றுக் குறைவாகத்தான் போகும். அதே கால் ஸ்ப்ரெட்டில் சுமார் 15 சென்ட் கிடைக்கும். மொத்தம் 65 சென்டைத் தொடாது. இரண்டு டாலர் அகலத்துக்கு இது எந்த மூலைக்கு? ஐ.வி. பாதியாகும்போது வரவு பாதியாகக் குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பங்கு விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஆப்ஷன்களின் இயல்பு அப்படி. அமைதியான சந்தையில் ஜேட் லிசர்ட் அமைவதில்லை என்பதற்கு இதுவே காரணம். அந்தந்தப் பங்கின் வழக்கமான ஐ.வி.யோடு ஒப்பிட்டால் இப்போது அது உயர்ந்திருக்க வேண்டும்.

உயர்ந்திருக்கிறது என்றால் ஏன் உயர்ந்தது என்று கேட்க வேண்டும். காலாண்டு முடிவு வரப்போகிறதா? நீதிமன்றத் தீர்ப்பு ஏதேனும் நெருங்குகிறதா? மருந்து நிறுவனமென்றால் அரசு ஒப்புதல் நிலுவையில் இருக்கிறதா? நிபந்தனை எளிதாக நிறைவேறுகிறது என்பதற்கு, பங்கு பெரிதாக ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்றுதான் பொருள். கையில் வந்து விழும் வரவைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

உதவிக்கு வரும் இன்னொன்று ஸ்க்யூ. பங்கு வைத்திருப்பவர்கள் பாதுகாப்புக்காகப் புட் வாங்குகிறார்கள். அதே ஆட்கள் கூடுதல் வருமானத்துக்காகக் கால் ஆப்ஷனை விற்கிறார்கள். இதனால் பெரும்பாலான பங்குகளிலும் குறியீடுகளிலும் கீழேயுள்ள புட்டுகளின் ஐ.வி. கூடுதலாகவும், மேலேயுள்ள கால் ஆப்ஷன்களின் ஐ.வி. குறைவாகவும் இருக்கும். நாம் விற்பது விலை கூடிய புட், வாங்குவது விலை மலிந்த கால் ஆப்ஷன். இந்த முறை பிழைத்திருப்பதே இதனால்தான். கேம்ஸ்டாப் போல ஊரே திரண்டு கால் ஆப்ஷனை வாங்கும் பங்குகளில் இது தலைகீழாகிவிடும். அங்கே மேல் ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனே விலையேறிக் கிடக்கும். கால் ஸ்ப்ரெட்டில் நமக்குக் கிடைக்கும் நிகர வரவு சுருங்கிவிடும்.

48 புட் பங்கு விலைக்கு மிக அருகில் இருக்கிறதே, 45-க்குத் தள்ளிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். தள்ளலாம். ஆனால் 45 புட்டில் கிடைப்பது சுமார் 0.85 தான். கால் ஸ்ப்ரெட்டின் 0.45-ஐச் சேர்த்தால் 1.30. அகலம் இரண்டு டாலர். பங்கு 56-ஐத் தாண்டினால் 70 டாலர் நட்டம். மேல்பக்க ரிஸ்க் திரும்பி வந்துவிட்டது, ஜேட் லிசர்ட் என்ற பெயருக்கும் இனி உரிமை இல்லை. இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. கால் ஸ்ப்ரெட்டை 54-56 என்பதற்குப் பதிலாக 54-55 என்று குறுக்குங்கள். அதில் சுமார் 0.25 கிடைக்கும். புட்டோடு சேர்த்தால் 1.10. அகலம் ஒரு டாலர். வரவு மீண்டும் பெரிது. புட் தள்ளிப் போனது, நட்டம் தொடங்கும் புள்ளி 45.80-இலிருந்து 43.90-க்கு இறங்கியது. அதற்கு விலை, அதிகபட்ச லாபம் 220-இலிருந்து 110-ஆகப் பாதியானது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், என் தேர்வு இரண்டாவதுதான். அகலமான ஸ்ப்ரெட்டுக்கு வரவு போதவேண்டும் என்பதற்காகப் புட்டைப் பங்கு விலைக்கு அருகே இழுப்பது, மேல்பக்கக் கணக்கைச் சரிக்கட்டக் கீழ்ப்பக்கத்தை அடகு வைப்பது.

மேலே ரிஸ்க் இல்லை என்ற கணக்கு பொய்த்துப்போகும் இடங்களுக்கு வருவோம். அமெரிக்கப் பங்குகளில் இரண்டு இடங்கள் முக்கியமானவை.

முதலாவது டிவிடெண்ட். அமெரிக்காவில் பங்கு ஆப்ஷன்களை வாங்கியவர் எக்ஸ்பைரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தலாம். நம் பங்கு 57-க்கு ஏறிவிட்டது, நாளை எக்ஸ்-டிவிடெண்ட் நாள், பங்குக்கு 40 சென்ட் டிவிடெண்ட் என்று வையுங்கள். 54 கால் ஆப்ஷனை வைத்திருப்பவர் இன்றே உரிமையைப் பயன்படுத்திப் பங்கை எடுத்துக்கொண்டால் அந்த 40 சென்ட் அவருக்கு. நமக்கு இது மறுநாள் காலையில்தான் தெரியும். அப்போது நாம் 100 பங்கை 54-க்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களாகிவிட்டோம், 40 டாலர் டிவிடெண்டையும் நாமே கட்ட வேண்டும். 56 கால் ஆப்ஷன் கையில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தி டிவிடெண்டைப் பெறும் நேரம் கடந்துவிட்டது. அங்கிருந்து 56-ஐப் பயன்படுத்தி முடித்துக்கொண்டால் இரண்டு டாலர் வித்தியாசமும் 40 சென்ட் டிவிடெண்டும் போகும். வரவு 2.20, செலவு 2.40. இல்லை என்று சொன்ன மேல்பக்கத்தில் 20 டாலர் நட்டம். புட்டைத் திருப்பி வாங்க ஏதாவது செலவானால் அது தனி.

இதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழி உண்டு. எக்ஸ்-டிவிடெண்டுக்கு முந்தைய நாள், நாம் விற்ற கால் ஆப்ஷனின் அதே ஸ்ட்ரைக்கில் உள்ள புட்டின் விலையைப் பாருங்கள். இங்கே 54 புட். அதன் விலை டிவிடெண்டைவிடக் குறைவாக இருந்தால், கால் ஆப்ஷனை வைத்திருப்பவருக்கு உரிமையைப் பயன்படுத்துவதே லாபம். அன்றே கால் ஸ்ப்ரெட்டை முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, எக்ஸ்பைரி வெள்ளிக்கிழமை பங்கு இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் முடிவது. 55.50 என்று வையுங்கள். 54 கால் ஆப்ஷனுக்கு மதிப்பு இருக்கிறது, அதை வைத்திருப்பவருக்கு அது தானாகவே பயன்படுத்தப்பட்டுவிடும். நம் 56 மதிப்பின்றிக் காலாவதியாகிவிடும். திங்கட்கிழமை காலை நாம் 54-க்கு 100 பங்கை ஷார்ட் செய்தவர்களாக நிற்போம். பாதுகாப்புக்கு வாங்கிய 56 இனி இல்லை. வார இறுதியில் யாரோ அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்து, பங்கு 60-இல் திறந்தால் 6 டாலர் போகும். வரவு 2.20 போக 3.80 நட்டம், 380 டாலர். எல்லாப் பாடநூல் வரைபடமும் வெள்ளிக்கிழமை மாலையோடு நின்றுவிடுகிறது. கணக்கு அங்கே நிற்பதில்லை. பங்கு இரண்டு ஸ்ட்ரைக்குக்கு நடுவில் இருந்தால், சந்தை மூடுவதற்கு முன் கால் ஸ்ப்ரெட்டை முடித்துவிட்டு வெளியேறுவதைத் தவிர வேறு வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்த இரண்டும் விதிமுறைகளால் வரும் ஓட்டைகள். மூன்றாவது ஓட்டை நாமே போடுவது. பதினைந்து நாள் கழிந்தது, பங்கு 55-க்கு ஏறியது, ஐ.வி. அப்படியே இருக்கிறது என்று கொள்வோம். 54 கால் ஆப்ஷன் சுமார் 2.90, 56 கால் ஆப்ஷன் சுமார் 1.90, 48 புட் சுமார் 0.25. நாம் 80 சென்டுக்கு வாங்கிய 56 இரண்டு மடங்குக்கு மேல் ஏறித் திரையில் பச்சையாகத் தெரியும். "லாபத்தை எடுத்துவிடலாம்" என்று அதை மட்டும் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நொடியிலேயே அவர்கள் கையில் இருப்பது துணையில்லாத கால் ஆப்ஷன். கேம்ஸ்டாப்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வைத்திருந்த அதே பொருள். மூன்று லெக்குகளில் எதை முன்னால் முடித்தாலும் பரவாயில்லை, அந்த 56-ஐ மட்டும் தனியாக விற்கக் கூடாது.

அதே நாளில் மொத்தத்தையும் முடித்தால் என்ன ஆகும்? ஸ்ப்ரெட்டைத் திருப்பி வாங்க ஒரு டாலர், புட்டுக்கு 0.25. மொத்தம் 1.25. வரவு 2.20. ஏறத்தாழ 95 டாலர் லாபம், அதுவும் பங்கு நமக்கு எதிராக ஐந்து டாலர் ஏறிய பிறகு. இந்த முறையின் நல்ல பக்கம் இதுதான். நான் அதை மனதாரப் பாராட்டுகிறேன். இன்னும் 25 நாள் காத்திருந்து 20-க்கும் 220-க்கும் இடையில் ஊசலாடுவதைவிட, இங்கேயே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

சிலர் இந்த இடத்தில் புட்டை மேலே நகர்த்துவார்கள். 48 புட்டை 0.25-க்குத் திருப்பி வாங்கி 52 புட்டை ஒரு டாலருக்கு விற்பார்கள். வரவு 2.95-ஆகும். மேலே எவ்வளவு ஏறினாலும் இப்போது 95 டாலர் உறுதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கீழே நட்டம் தொடங்கும் புள்ளி 45.80-இலிருந்து 49.05-க்கு ஏறிவிட்டது. முதல் நாள் பங்கு நின்ற 50-க்கு ஏறத்தாழ ஒரு டாலர் கீழே. மேல்பக்கத்தில் கூடுதலாகச் சேர்த்த ஒவ்வொரு சென்டும் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்ததுதான் என்பது மறுபடியும் தெரிகிறதல்லவா?

அந்தக் கீழ்ப்பக்கத்தை இதுவரை ஓரமாகவே வைத்திருந்தேன். 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு, காலாண்டு முடிவு வெளியான மறுநாள், ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்தது. பெயர் தெரியாத சின்ன நிறுவனமல்ல, உலகின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்று. நம் 50 டாலர் பங்குக்கு அந்த வீழ்ச்சி வந்தால் அது 37-இல் நிற்கும். 48 புட்டில் 11 டாலர் கொடுக்க வேண்டும். வரவு 2.20 போக 8.80. ஒரு லாட்டுக்கு 880 டாலர் நட்டம். அதிகபட்ச லாபத்தின் நான்கு மடங்கு. நான்கு முறை கச்சிதமாக ஜெயித்ததை ஒரே இரவு எடுத்துக்கொண்டுவிடும். கால் ஸ்ப்ரெட்டில் வந்த 45 டாலர் இங்கே ஏதோ ஆறுதல்தான், பாதுகாப்பு அல்ல.

இதை எந்த ஸ்டாப்-லாஸும் தடுக்காது, ஏனென்றால் சரிவு சந்தை மூடியிருக்கும்போது நடக்கிறது. தடுப்பது அளவு மட்டுமே. 48 டாலருக்கு 100 பங்கு என்றால் 4,800 டாலர். புரோக்கர் கேட்கும் மார்ஜின் அதில் ஒரு சிறு பகுதிதான். மார்ஜினைப் பார்த்து எத்தனை லாட் என்று முடிவு செய்பவர், ஒரே பங்கில் ஐந்து லாட் போட்டுவிடுவார். 4,800 டாலரைப் பார்த்து முடிவு செய்பவர் ஒரு லாட்டோடு நிற்பார். பங்கு விழுந்தால் அந்தப் பங்கை 48-க்கு வாங்கிக்கொண்டு, நிகர விலை 45.80 என்று கணக்கெழுதி, வைத்திருக்க அவரால் முடியும்.

நம் ஊர் நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். இந்தியாவில் வசிப்பவர்கள் வெளிநாட்டுச் சந்தைகளில் மார்ஜின் கட்டுவதற்காகப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இங்கிருந்து இதைச் செய்வதென்றால் உள்நாட்டுச் சந்தையில்தான். அங்கே ஆப்ஷன்கள் ஐரோப்பிய வகை, எக்ஸ்பைரி அன்று மட்டுமே உரிமையைப் பயன்படுத்த முடியும். டிவிடெண்டுக்கு முந்தைய நாள் அசைன்மென்ட் என்ற தொல்லை இங்கே கிடையாது. நிஃப்டி ஆப்ஷன்கள் பணமாகவே தீர்க்கப்படுவதால் வார இறுதியில் ஷார்ட்டாக மாட்டிக்கொள்வதும் இல்லை. மேல்பக்கம் ரிஸ்க் இல்லை என்ற வாக்கியம் அமெரிக்கப் பங்குகளைவிட நிஃப்டியில்தான் இன்னும் சரியாகப் பொருந்துகிறது. தனிப் பங்குகளில் அப்படி இல்லை. 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்கைக் கொடுத்து வாங்கியே தீர்க்கப்படுகின்றன. இரண்டு கால் ஸ்ட்ரைக்குக்கும் மேலே முடிந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். நடுவில் முடிந்தால் பங்கை ஒப்படைக்கும் கடமை உங்களுக்கு. புட் ஸ்ட்ரைக்குக்குக் கீழே முடிந்தால் ஒரு லாட் பங்கு முழுவதையும் பணம் கொடுத்து எடுக்க வேண்டும். நம் ஊர் லாட்டின் மதிப்பு பல லட்சம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வரவு அகலத்தைவிடச் சிறிதளவே அதிகமாக இருந்தால், பரிவர்த்தனை வரி, புரோக்கரேஜ், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி ஆகியவை மூன்று லெக்கிலும் சேர்ந்து அந்தச் சிறிதளவைத் தின்றுவிடும். திரையில் நிபந்தனை நிறைவேறியதாகத் தெரியும், காண்ட்ராக்ட் நோட்டில் நிறைவேறியிருக்காது. தனிப் பங்குகளில் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளில் அந்த விலை இடைவெளி மிகவும் அகலம். அங்கே இதை முயல்வது வீண்.

ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் போடுவதற்கு முன், வரவிலிருந்து ஸ்ப்ரெட்டின் அகலத்தைக் கழித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். புட் ஸ்ட்ரைக்கை லாட் அளவால் பெருக்கி, வரும் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகைக்கு அந்தப் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் விருப்பமும் பணமும் உங்களிடம் இல்லையென்றால், மேல்பக்கக் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஆர்டரைப் போடாதீர்கள்.